அடுத்த காசு எந்தச் சேனலுக்கு?

விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்கும் இடங்களில் மாதக் கடைசியில் ஒரு பேச்சு வழக்கமாக வரும். ஒருவர் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, "தேடல் விளம்பரத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு 100 ஆகிறது. சமூக ஊடகத்தில் 160 ஆகிறது. அந்தப் பணத்தை எடுத்துத் தேடலில் போட்டுவிடலாமே?" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எல்லாரும் தலையாட்டுவார்கள், பணம் இடம் மாறும். அடுத்த மாதம் மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கை குறைந்திருக்கும். ஏன் குறைந்தது என்று மட்டும் யாருக்கும் பிடிபடாது.

தவறு கணக்கில் இல்லை. 100, 160 இரண்டுமே சரியான எண்கள். ஆனால் "பணத்தை எங்கே மாற்றலாம்" என்ற கேள்விக்கு அவை பதில் சொல்வதில்லை. பதில் சொல்லும் எண் வேறு ஒன்று. பெரும்பாலான அறிக்கைகளில் அது இடம்பெறுவதே இல்லை. அந்த எண் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

## ஈரத்துணியைப் பிழியும்போது

உங்களிடம் இரண்டு ஈரத்துணிகள் இருக்கின்றன. ஒன்று தடித்த துண்டு. அதை ஏற்கெனவே நாலைந்து முறை முறுக்கிப் பிழிந்துவிட்டீர்கள், அரை வாளித் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொன்று மெல்லிய துணி. அதை இரண்டு முறைதான் பிழிந்தீர்கள், வந்த தண்ணீரும் கொஞ்சம்தான். இப்போது கையில் இன்னும் ஒரே ஒரு முறுக்குக்குத்தான் தெம்பு இருக்கிறது. எதைப் பிழிவீர்கள்?

"இதுவரை துண்டுதான் அதிகத் தண்ணீர் தந்தது, அதனால் துண்டையே பிழிவோம்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். துண்டு காய்ந்து கிடக்கிறது என்பது கைக்கே தெரியும். அடுத்த முறுக்கில் எதிலிருந்து அதிகம் வரும் என்று பார்த்து மெல்லிய துணியை எடுப்பீர்கள்.

தேடல், சமூக ஊடகம் போன்ற விளம்பரச் சேனலும் இப்படித்தான். முதலில் போடும் பணம் நிறைய வாடிக்கையாளர்களைக் கொண்டுவரும். அதே அளவு பணத்தை மறுபடி போட்டால் முன்பைவிடக் குறைவாக வருவார்கள், அதற்கடுத்த தடவை இன்னும் குறைவாக வருவார்கள். பொருளியல் பாடத்தில் இதைக் குறைந்து செல் விளைவு விதி என்று படித்திருப்போம். செலவைக் கிடைமட்டமாகவும் வாடிக்கையாளர் எண்ணிக்கையைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்தால், கோடு முதலில் செங்குத்தாக ஏறி, போகப்போகத் தட்டையாகும். இந்த வளைகோடுதான் இந்தக் கட்டுரைக்கு ஆதாரம்.

## இரண்டு சிபிஏ இருக்கின்றன

ஒரு வாடிக்கையாளரைப் பெற ஆகும் செலவைத்தான் விளம்பரத் துறையில் சிபிஏ என்பார்கள். மொத்தச் செலவை மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது சராசரி சிபிஏ. ஒரு வாடிக்கையாளரைப் பெற இதுவரை சராசரியாக என்ன செலவானது என்பதை அது சொல்கிறது. அறிக்கையில் வெறுமனே "சிபிஏ" என்று இருந்தால் பெரும்பாலும் இதுதான்.

இறுதிநிலை சிபிஏ என்பது, கடைசியாகக் கூட்டிய பணத்தை அந்தப் பணத்தால் கூடுதலாக வந்த வாடிக்கையாளர்களால் மட்டும் வகுப்பது. பழைய செலவும் பழைய வாடிக்கையாளர்களும் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு மாதத்துக்கு மொத்த பட்ஜெட் 1,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். அதில் தேடலுக்கு 60,000, சமூக ஊடகத்துக்கு 40,000. ஒவ்வொரு 10,000 கூட்டும்போதும் மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்பது கீழே இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்தக் கடைசி 10,000 மட்டும் கொண்டுவந்த ஆட்கள்.

| செலவு | தேடல் | சமூக ஊடகம் |
|---|---|---|
| 10,000 | 200 (200) | 70 (70) |
| 20,000 | 350 (150) | 135 (65) |
| 30,000 | 450 (100) | 195 (60) |
| 40,000 | 520 (70) | 250 (55) |
| 50,000 | 570 (50) | 300 (50) |
| 60,000 | 600 (30) | 340 (40) |
| 70,000 | 618 (18) | 375 (35) |

தேடலில் 60,000 செலவுக்கு 600 பேர், சராசரி சிபிஏ 100. சமூக ஊடகத்தில் 40,000 செலவுக்கு 250 பேர், சராசரி 160. கூட்டத்தில் சொன்ன அதே எண்கள்தான்.

இப்போது கடைசிப் படியை மட்டும் பாருங்கள். தேடலில் கடைசி 10,000 கொண்டுவந்தது 30 பேரை. அதன் இறுதிநிலை சிபிஏ ஏறக்குறைய 333. சமூக ஊடகத்தில் கடைசி 10,000 கொண்டுவந்தது 55 பேரை. அங்கே இறுதிநிலை சிபிஏ ஏறக்குறைய 182தான். சராசரியில் மலிவாகத் தெரிந்த சேனல்தான் விளிம்பில் விலை உயர்ந்த சேனல். ஆரம்பத்தில் கிடைத்த மலிவான 200 பேரும் 150 பேரும் சேர்ந்து சராசரியைக் கீழே இழுத்து வைத்திருப்பதால், கடைசிப் பணம் வீணாவது வெளியே தெரியவில்லை.

கூட்டத்தில் சொன்ன யோசனைப்படி 10,000ஐ சமூக ஊடகத்திலிருந்து தேடலுக்கு மாற்றினால் என்ன ஆகும்? தேடல் 618, சமூக ஊடகம் 195, மொத்தம் 813. முன்பு இருந்தது 850. அதாவது 37 பேர் போனார்கள்.

அதையே எதிர்த்திசையில் மாற்றினால் தேடல் 570, சமூக ஊடகம் 300, மொத்தம் 870. ஒரு காசுகூட அதிகம் செலவழிக்காமல் 20 பேர் கூடினார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பிறகு சமூக ஊடகத்தின் சராசரி சிபிஏ 160இலிருந்து 167ஆக மோசமாகியிருக்கும். அந்தச் சேனலைப் பார்த்துக்கொள்பவரை அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் மதிப்பிட்டால், சரியான முடிவை எடுத்ததற்காக அவர் திட்டு வாங்குவார். இது உண்மையிலேயே நடக்கிற அநியாயம். சேனலுக்கு ஒரு சராசரி இலக்கு வைத்துவிட்டு, மொத்தம் ஏன் கூடவில்லை என்று கேட்கும் நிர்வாகங்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இதுவரை பார்த்தது: சராசரி சிபிஏ நடந்து முடிந்ததைச் சொல்கிறது. அடுத்த காசை எங்கே போடுவது, எங்கிருந்து எடுப்பது என்பதை இறுதிநிலை சிபிஏ சொல்கிறது.

## எப்போது நிறுத்துவது

50,000க்கு 50,000 என்று ஆனபின் இன்னொரு 10,000ஐ மாற்றலாமா? தேடலில் 50 பேர் குறைவார்கள், சமூக ஊடகத்தில் 40 பேர்தான் கூடுவார்கள். மாற்றக் கூடாது. இந்த இடத்தில் இரண்டு சேனலிலும் கடைசி 10,000 தலா 50 பேரைத் தந்திருக்கிறது, இறுதிநிலை சிபிஏ இரண்டிலும் 200. இறுதிநிலை சிபிஏ எல்லாச் சேனலிலும் சமமாகும்வரை மாற்றலாம், சமமானபின் நிறுத்தலாம். விதி இவ்வளவுதான். ஒருவர் தம் வருமானத்தைப் பல பொருள்களுக்கு எப்படிப் பங்கிடுவார் என்பதற்கு 1854இல் ஜெர்மானியப் பொருளியலாளர் கோஸன் சொன்னதும் இதே தர்க்கம்தான். நம் பாடப்புத்தகங்களில் அது சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்ற பெயரில் இருக்கிறது.

ஆனால் பங்கீடு சரியாக இருப்பது வேறு, மொத்த பட்ஜெட் சரியாக இருப்பது வேறு. ஒரு வாடிக்கையாளரால் உங்களுக்கு நிற்கும் லாபம், விளம்பரச் செலவைக் கழிக்கும் முன், 180 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 200 கொடுத்து வாங்கிய கடைசி வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் 20 நஷ்டம். சராசரி சிபிஏ 115 என்று காட்டுவதால் எல்லாமே லாபம் போலத் தெரியும். தேடலை 40,000க்கும் சமூக ஊடகத்தை 30,000க்கும் குறைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் 715ஆகக் குறைவார்கள். ஆனால் 715 பேரால் வரும் 1,28,700இல் செலவு 70,000 போக 58,700 மிஞ்சும். முன்பு 870 பேரால் வந்த 1,56,600இல் 1,00,000 போக 56,600தான் மிஞ்சியது. பட்ஜெட்டில் 30,000 செலவாகாமல் இருக்கிறது, லாபமும் 2,100 கூடியிருக்கிறது.

வளர்ச்சிதான் முக்கியம் என்று கொஞ்ச காலம் நஷ்டத்துக்கு வாங்குவது வேறு விஷயம். அது தெரிந்தே எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

## கோடு ஏன் தட்டையாகிறது

தேடலில் இதற்கு ஒரு கறாரான காரணம் இருக்கிறது. அங்கே இடம் ஏலத்தில் போகிறது. கூடுதல் கிளிக் வேண்டுமென்றால் ஏல விலையை உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்தும்போது புதிதாக வரும் கிளிக்குகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, ஏற்கெனவே குறைந்த விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தவற்றுக்கும் சேர்த்து ஏறுகிறது. 100 கிளிக்குகள் தலா 5 வீதம் கிடைத்தன என்று வையுங்கள், செலவு 500. ஏல விலையை உயர்த்தியதும் 120 கிளிக்குகள் தலா 6 வீதம் கிடைக்கின்றன, செலவு 720. திரையில் தெரிவது "கிளிக்குக்கு 6" என்பதுதான். ஆனால் கூடுதலாகக் கொடுத்தது 220, கூடுதலாக வந்தது 20 கிளிக்குகள். ஆக, புதிய கிளிக் ஒன்றின் உண்மையான விலை 11. இதைப் புரிந்துகொண்டால் இந்த விஷயத்தின் பாதி புரிந்த மாதிரி.

சமூக ஊடகத்தில், வாங்கும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களிடம் விளம்பரம் முதலில் போய்ச் சேர்கிறது. அப்புறம் ஆர்வம் குறைந்தவர்களிடம் போகிறது. அதோடு, பார்த்தவரே ஏழாவது, எட்டாவது தடவை பார்க்கத் தொடங்குகிறார்.

## வளைகோட்டை எங்கிருந்து எடுப்பது

மேலே கொடுத்த அட்டவணை கையில் இருந்தால் மிச்சமெல்லாம் கூட்டல் கழித்தல். நடைமுறையில் அந்த அட்டவணையை யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். கஷ்டமே இங்கேதான்.

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது, பழைய மாதங்களின் செலவையும் வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் புள்ளிகளாக வைத்துக் கோடு வரைவது. அதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பொருளுக்குக் கிராக்கி அதிகமுள்ள மாதங்களில்தான் நாம் செலவையும் கூட்டியிருப்போம். அந்த மாதங்களில் விளம்பரமே இல்லாவிட்டாலும் கொஞ்சம் பேர் கூடுதலாக வந்திருப்பார்கள். அவர்களையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதிவிடுவதால், தட்டையாக வேண்டிய கோடு நேராக மேலே போவது போலத் தெரியும். எவ்வளவு செலவழித்தாலும் சிபிஏ ஏறவே இல்லை என்று உங்கள் பழைய தரவு சொன்னால், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

Google Adsஇல் Bid simulator என்று ஒன்று உண்டு. ஏல விலையை இவ்வளவாக மாற்றியிருந்தால் கிளிக்கும் செலவும் எவ்வளவு ஆகியிருக்கும் என்ற மதிப்பீட்டைக் காட்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு வரிகளின் வித்தியாசத்தை எடுத்து வகுத்தால் இறுதிநிலைச் செலவு வந்துவிடும். தொடங்க இது நல்ல இடம். ஆனால் அந்த ஒரு சேனலுக்குள் நடப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

நம்பத்தக்க வழி சோதனை. நீங்கள் விற்கும் பகுதிகளை ஒன்றுக்கொன்று ஒத்த இரண்டு குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழுவில் மட்டும் சமூக ஊடகச் செலவைக் கூட்டுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். சோதனைக்கு முந்தைய நான்கு வாரங்களில் செலவு கூட்டப்போகும் குழுவில் 400 வாடிக்கையாளர்கள், தொடாத குழுவில் 380 என்று வையுங்கள். சோதனை நடந்த நான்கு வாரங்களில் தொடாத குழு 399 ஆனது. அதாவது, யாரும் எதுவும் செய்யாமலே சந்தை 5 சதவீதம் ஏறியிருக்கிறது. அந்த வேகத்தில் மற்ற குழுவும் 420 ஆகியிருக்க வேண்டும். ஆனால் வந்தது 462. கூடுதலாக வந்த 42 பேர் விளம்பரத்தால் வந்தவர்கள். கூட்டிய செலவு 8,400 என்றால் இறுதிநிலை சிபிஏ 200.

வாடிக்கையாளர் எண்ணிக்கையை உங்கள் ஆர்டர் பதிவிலிருந்து எடுங்கள், விளம்பரத் தளத்தின் அறிக்கையிலிருந்து எடுக்க வேண்டாம். எப்படியும் வாங்க வந்தவரையும் தன் விளம்பரத்தால் வந்தவர் என்று தளம் எழுதிக்கொள்ளும். இதற்கு நன்கு தெரிந்த சான்று eBay நடத்திய சோதனை. தன் பெயரையே தேடுபவர்களுக்குக் காட்டிய கட்டண விளம்பரத்தை 2012இல் சில தேடுபொறிகளில் அது நிறுத்திப் பார்த்தது. அந்தக் கிளிக்குகள் ஏறக்குறைய முழுவதுமாகக் கட்டணமில்லாத முடிவுகள் வழியாகவே வந்து சேர்ந்தன. அறிக்கைகளில் வழக்கமாக மலிவான சிபிஏ காட்டும் வகை விளம்பரம் அது. புதிதாகக் கொண்டுவந்த ஆட்களை மட்டும் வைத்து வகுத்தால் அந்த மலிவு மறைந்துவிடும். ஆகவே, பெயரைத் தேடுபவர்களுக்கான விளம்பரத்தையும் பொருளைத் தேடுபவர்களுக்கான விளம்பரத்தையும் ஒரே "தேடல்" வரியில் போட்டுக் கலக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு வளைகோடுகள்.

இதுவரை பார்த்தது: பழைய தரவு கோட்டை நிமிர்த்திக் காட்டும், தளத்தின் அறிக்கை ஆட்களைக் கூட்டிக் காட்டும். ஒரு பகுதியில் செலவைக் கூட்டி, இன்னொரு பகுதியைத் தொடாமல் வைத்து ஒப்பிட்டால் உண்மைக்குப் பக்கத்தில் போகலாம்.

## 42 என்பது எவ்வளவு நம்பத்தக்க எண்

எதையுமே மாற்றாவிட்டாலும் வாடிக்கையாளர் எண்ணிக்கை மேலும் கீழும் ஆடும். தோராயமாக, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஆடுவது சாதாரணம். 420க்கு வர்க்கமூலம் ஏறக்குறைய 20. ஒப்பிடும் குழுவும் அதே மாதிரி தன் பங்குக்கு ஆடுகிறது. ஆகவே 42 என்று நாம் கண்டது, உண்மையில் 20ஆகவும் இருக்கலாம், 60ஆகவும் இருக்கலாம். 20 என்றால் இறுதிநிலை சிபிஏ 420, 60 என்றால் 140. முதலாவது என்றால் சேனலைக் குறைக்க வேண்டும், இரண்டாவது என்றால் கூட்ட வேண்டும். ஒரே சோதனை இரண்டு எதிரெதிர் முடிவுகளுக்கும் இடம் தருகிறது.

இறுதிநிலை சிபிஏ எப்போதும் சராசரியைவிடத் தள்ளாடும் எண், ஏனென்றால் அது இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசத்தால் வகுத்து வருவது. வாராவாரம் அதைக் கணக்கிட்டு வாராவாரம் பணத்தை மாற்றுபவர்கள், பெரும்பாலும் காற்றடிக்கும் பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். சோதனையில் செலவைத் தாராளமாகக் கூட்டுங்கள். 10 சதவீத மாற்றத்தின் விளைவு ஆட்டத்தில் மூழ்கிவிடும். 50 சதவீதமோ இரண்டு மடங்கோ கூட்டினால் தெளிவாகத் தெரியும். முடிவு வந்தபின் உண்மையான பட்ஜெட்டை மாற்றும்போது மட்டும் சிறு படிகளாகப் போங்கள், ஏனென்றால் பணம் நகரும்போது வளைகோட்டில் நீங்கள் நிற்கும் இடமும் நகர்கிறது. எங்கள் கணக்கிலேயே முதல் 10,000 மாற்றம் லாபம், இரண்டாவது 10,000 மாற்றம் நஷ்டம்.

இன்னொன்று, காத்திருக்கும் நாள். விளம்பரத்தைப் பார்த்தவர் வாங்க மூன்று வாரம் எடுக்கும் பொருளென்றால், செலவைக் கூட்டிய முதல் வாரத்தில் இறுதிநிலை சிபிஏ பயங்கரமாகத் தெரியும். செலவு வந்துவிட்டது, ஆட்கள் இன்னும் வரவில்லை. அந்த வாரத்தில் பயந்து நிறுத்திவிட்டால், பிறகு வருபவர்கள் வேறு ஏதோ சேனலின் கணக்கில் ஏறுவார்கள்.

## விதி தடுமாறும் இரண்டு இடங்கள்

சில சேனல்களில் கோடு முதலில் தட்டையாக இருந்து, ஓரளவு செலவுக்குப் பிறகுதான் ஏறத் தொடங்கும். பலமுறை பார்த்தால்தான் மனதில் பதியும் வகை விளம்பரங்களில் இப்படி நடக்கலாம். புதிய சேனலில் 2,000 போட்டுப் பார்த்து, இறுதிநிலை சிபிஏ 600 என்று மூடிவிடுவோம். 15,000 போட்டிருந்தால் அது 150ஆக இறங்கியிருக்கலாம். இறங்காமலும் இருக்கலாம். எனவே புதிய சேனலுக்கு, இழந்தாலும் பரவாயில்லை என்ற அளவில் ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி, அது முடியும்வரை இந்த விதியை அங்கே நுழையவிடாமல் வைப்பதே என் பழக்கம்.

இரண்டாவது, சேனல்கள் ஒன்றையொன்று தொடும் இடம். சமூக ஊடகத்தில் விளம்பரத்தைப் பார்த்தவர் அங்கே கிளிக் செய்யாமல், இரண்டு நாள் கழித்துத் தேடி வந்து வாங்குகிறார். சமூக ஊடகத்தைக் குறைத்தால் சில வாரங்களில் தேடலின் எண்ணிக்கையும் இறங்கும். எங்கள் அட்டவணை இரண்டு கோடுகளையும் தனித்தனியாக வைத்தது, கற்றுக்கொள்ள வசதியாக. நடைமுறையில் ஒரு சேனலைக் குறைத்தபின் மற்ற எல்லாச் சேனல்களின் சிபிஏயும் ஒருசேர மோசமானால், நீங்கள் வெட்டியது மற்றவற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிய வாய்க்காலாக இருக்கலாம். அப்போது வெட்டியதில் பாதியைத் திருப்பிப் போட்டு, ஆர்டர் பதிவில் மொத்த எண்ணிக்கை எங்கே போகிறது என்று நான்கு வாரம் பாருங்கள்.